மணி மீற்றரைப் பார்த்தவர்

ஐயா,

2013இல் இராணுவத்தில் சேர்ந்தேன். 12 வருஷமும் வாகனம் திருத்தும் வேலைத்தலத்தில்தான் இருந்தேன். லொறியும் பார்ப்பேன், ஜெனரேற்றரும் பார்ப்பேன். முறைப்படி விலகி ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது. காவலாளி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கராஜ்களில் சான்றிதழ் கேட்கிறார்கள், இல்லையென்றால் உதவியாளின் நாட்கூலிதான். என்னிடம் இருப்பதெல்லாம் சிங்களத்தில் உள்ள படைக் கடதாசிகள். இராணுவத்தில் இருந்ததை வெளியே சொல்வதா விடுவதா என்றும் தெரியவில்லை. நான் எங்கே போய்க் கேட்க வேண்டும்?

பெயர் வேண்டாம், வடமராட்சி

அன்புள்ள தம்பி,

எழுத்துக்கு வெளியே நான் பல வருஷம் ஒரு குளிர்களஞ்சியத்தில் கணக்குப் பார்த்தவன். மீனும் இறாலும் வைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற இடம். அங்கே கண்ட ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு வழி தெரியும் என்று நினைக்கிறேன்.

அங்கே 60 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்று இருந்தது. ஒருநாள் பின்னேரம் கரண்ட் போனது, ஜெனரேற்றர் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர நாலு மணித்தியாலம். அதற்குள் மேல் தட்டில் இருந்த இறால் பெட்டிகள் இளகிவிட்டன. மெக்கானிக் பற்றறியை மாற்றினார், காசை வாங்கினார், போய்விட்டார். முதலாளியும் பற்றறிதான் பிழை என்று நம்பினார்.

அடுத்த மாதம் வேலை கேட்டு ஒருவர் வந்தார். உங்களைப் போலப் படை வேலைத்தலத்தில் இருந்துவிட்டு வந்தவர். முதலாளி அவரை ஜெனரேற்றர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நானும் பின்னால் போனேன். அவர் எஞ்சினில் கை வைக்கவில்லை. முதலில் மணி மீற்றரைக் குனிந்து பார்த்தார். 1,870. பிறகு ஒயில் பில்ரரில் ஒட்டியிருந்த துண்டைத் துடைத்துப் பார்த்தார். 1,310 என்று எழுதியிருந்தது. "560 மணித்தியாலம் ஒரே ஒயிலில் ஓடியிருக்கு. 250க்கு ஒருக்கால் மாற்றியிருக்க வேணும்" என்றார். புகைக்குழாய் மூட்டில் விரலை வைத்து எடுத்தார். கறுப்பாக, ஈரமாக ஒட்டியது.

"கிழமைக்கு ஒருக்கால் சும்மா ஓட விடுவீங்களோ?" என்று கேட்டார். ஆமாம், திங்கட்கிழமை பத்து நிமிஷம், லைற் மட்டும் போட்டு ஓட விடுவோம். அதுதான் பிழை என்றார். 60 கேவிஏ என்றால் ஏறக்குறைய 48 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்காவது சுமை இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் போதிய சூடு வராது, டீசல் முழுதாக எரியாது, எரியாத மிச்சம் புகைக்குழாயில் கசியும். பத்து நிமிஷ ஓட்டம் பற்றறியைச் சார்ஜ் பண்ணவும் காணாது. கொம்பிரசரைப் போட்டு அரை மணித்தியாலம் ஓட விடச் சொன்னார். பிறகு டாங்கியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்தார். டீசலுக்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அரைவாசி வெறுமையாகக் கிடக்கும் டாங்கியில் நம் கடலோரக் காற்றின் ஈரம் இரவில் வேர்த்து இறங்கிவிடும். அந்த மாதமே அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

தம்பி, பழுதானதைத் திருத்துவதில் தெருவோரக் கராஜ்காரர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்கலாம். நீங்கள் டாடா, லேலண்ட், டிபென்டர் என்று பழகியிருப்பீர்கள். இங்கே கராஜுக்கு வருவது அக்குவாவும் வேகன்ஆரும். ஹைபிரிட் பற்றறியும் ஸ்கேனரும் தெரியாமல் அங்கே நின்றால் உதவியாள் கூலிதான் கிடைக்கும், அதில் அநியாயம் இல்லை. பழுதாகாமல் பார்ப்பது வேறு வேலை. எத்தனை மணித்தியாலத்துக்கு எது, எத்தனை கிலோமீற்றருக்கு எது என்று பதிவேடு போட்டு, உதிரிப்பாகத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. வாகனம் வரிசையில் நின்றால் கராஜ்காரருக்கு வருமானம், அவர் அதற்குச் சம்பளம் தரமாட்டார். எந்திரம் நின்றால் யாருக்கு நட்டமோ அவர்தான் தருவார். ஐஸ் ஆலை, குளிர்களஞ்சியம், குளிரூட்டி லொறி வைத்திருப்பவர், தனியார் வைத்தியசாலை, ஹோட்டல், பத்துப் பஸ் ஓட்டுபவர். அங்கே போய்க் கேளுங்கள்.

சரி, சான்றிதழ். படிக்கப் போகாமலே என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள், ஆர்.பி.எல். என்றால் அலுவலகத்தில் உடனே விளங்கும். அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவின் மாவட்ட அலுவலகத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் தொழிலுக்கு விண்ணப்பம் கொடுங்கள். முதலில் நேரில் பேசி, நீங்கள் செய்த வேலைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும், வாய்மொழிக் கேள்வியும் வரும். நான்காம் மட்டத்தைக் குறிவையுங்கள், தனியாக நின்று வேலை செய்யக்கூடியவருக்குரிய மட்டம் அது. சில அலகுகளில் தேறாவிட்டால் எல்லாம் வீண் இல்லை, குறைந்த பகுதியை மட்டும் பழகிக்கொண்டு திரும்பப் போகலாம். உங்களுக்கு அது அநேகமாகப் புதிய எஞ்சின்களின் மின்னணுப் பகுதியாகத்தான் இருக்கும்.

ஆதாரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "12 வருஷம் வேலைத்தலத்தில் இருந்தேன்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போகிறார்கள். விலகல் சான்றிதழையும் பயிற்சிச் சான்றிதழ்களையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். அதோடு நீங்களே இரண்டு பக்கம் எழுதுங்கள்: எந்த எஞ்சின், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எத்தனை வாகனத்துக்குப் பொறுப்பு, கீழே எத்தனை பேர். முகாம் பெயர், வாகன இலக்கம், படைப் பதிவேட்டின் படம் எதுவும் வேண்டாம். அவை உங்களுடையவை இல்லை.

அடுத்து, சொல்வதா மறைப்பதா. மறைக்க முடியாது தம்பி. 12 வருஷத்துக்கு ஈ.பி.எஃப். இல்லை என்பதைக் கணக்குப் பார்ப்பவன் முதல் நாளே கேட்பான், நானும் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் சில வீடுகளில் அந்தச் சீருடையின் பெயரைக் கேட்டாலே அடுப்படியில் இருக்கும் அம்மா அழுவார். அப்படி ஒரு வீட்டு முதலாளி உங்களை வேண்டாம் என்றால் அவரோடு வாதாடாதீர்கள், அவரைப் பற்றி வெளியே குறையும் பேசாதீர்கள். வேறு இடம் பாருங்கள். மற்றவரிடம் நீங்களே முதலில், ஒரே வசனத்தில் சொல்லிவிடுங்கள்: "2013இல் இருந்து இராணுவ வேலைத்தலத்தில் மெக்கானிக், முறைப்படி விலகினேன்." அப்புறம் எந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள். எங்களிடம் வந்தவரும் அப்படித்தான் சொன்னார். முதலாளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் ஜெனரேற்றர் அறைத் திறப்பை எடுத்தார்.

சம்பளம் பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். படையில் சாப்பாடு, இருப்பிடம், உடுப்பு எல்லாம் கையில் வாங்கும் காசுக்கு வெளியே கிடைத்தன. இங்கே பகல் சாப்பாடும் மோட்டார் சைக்கிள் பெற்றோலும் உங்கள் பொக்கற்றில் இருந்து போகும். ஈ.பி.எஃப். கட்டுவார்களா என்று கேளுங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். கட்டாத இடத்தில் கையில் கூடத் தருகிறோம் என்றால் இந்த 12ஐக் கழித்துப் பாருங்கள்.

காவலாளி வேலையை இப்போதைக்கு விடுங்கள். பன்னிரண்டு மணித்தியாலம் கேற்றில் நின்றுவிட்டு வருகிறவருக்கு ஸ்கேனர் பழகவோ நைற்றாவுக்கு அலையவோ நேரம் இருக்காது. குடும்பத்தில் காசு முடை என்றால், கராஜில் நாட்கூலிக்கே மூன்று மாதம் நில்லுங்கள், ஆனால் ஹைபிரிட் வாகனம் வருகிற கராஜாகப் பாருங்கள்.

அதற்கிடையில் ஒரு ஐஸ் ஆலைக்காவது போய், ஜெனரேற்றரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது ஒரு வெறும் கண்ணாடிப் போத்தலும் கொண்டு போங்கள்.