‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதிதானே, டாக்டர்?’

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் 22 வயது மகளுக்குக் கருத்தடை மாத்திரை தரலாமா?

எந்த வலிப்பு மாத்திரை என்று எழுதவில்லையே! அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? கார்பமசெபைன், பெனிடாயின், பினோபார்பிடோன் இவற்றில் ஒன்றாக இருந்தால், கல்லீரல் கருத்தடை ஹார்மோனைச் சீக்கிரமாகச் சிதைத்துவிடும். அப்போது கருத்தடை மாத்திரையையும் கையில் வைக்கும் இம்ப்ளான்ட்டையும் நம்ப முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்புக்கும் அந்தச் சிக்கல் இல்லை. லாமோட்ரிஜின் என்றால் கதை தலைகீழ். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அதன் அளவை ரத்தத்தில் பாதியாகக் குறைத்துவிடும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். அப்புறம் ஒரு கேள்வி: கருத்தடை வேண்டும் என்று கேட்டது அவளா, நீங்களா?

மகளுக்கு 10 வயது, அறிவுசார் குறைபாடு. மாதவிலக்கே வராமல் முன்கூட்டியே தடுக்கலாமா?

வேண்டாம். முதலில் வரட்டும். நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிரமம் இல்லாமலும் போகலாம். இப்போதே நாப்கின் அணிந்து பழக்குங்கள், அது போதும்.

15 வயது மகளுக்குப் பேச்சு வராது. மாதவிலக்கு நாட்களில் அடங்கமாட்டாள், நாப்கினைப் பிய்த்து எறிகிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அவளுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் நிம்மதிதானே?

மாதாமாதம் யாராவது இதைக் கேட்கிறார்கள். நிம்மதியை விடுங்கள், ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். கர்ப்பப்பை இல்லாத பெண்ணைத் தொடுபவனுக்கு என்ன தடை? கர்ப்பம் ஆகாது என்று தெரிந்தால் அவனுக்கு இன்னும் வசதி. பால்வினை நோய் அப்போதும் வரும். நடந்தது வெளியே தெரியாது, அவ்வளவுதான். தவறு செய்பவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருப்பான். திடீரென்று குளிக்க மறுப்பது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குவது, விட்டுப்போன படுக்கை ஈரம் திரும்புவது, சிறுநீர் கழிக்கும்போது அழுவது, இவற்றைக் கவனியுங்கள். யார் குளிப்பாட்டுகிறார்கள், யாருடன் தனியாக இருக்கிறாள் என்று கேளுங்கள். பாதுகாப்பு அங்கே இருக்கிறது, அறுவை சிகிச்சையில் இல்லை.

இதே வேண்டுகோளுடன் ஒரு தாய் வந்தார். அவர் மகளும் பேசமாட்டாள், மாதம் இரண்டு நாள் வயிற்றில் குத்திக்கொள்வாள். மூன்று மாதம் காலண்டரில் குறித்துவரச் சொன்னேன். ரத்தம் வருவதற்கு முந்தைய நாளே ரகளை தொடங்கிவிடுவது தெரிந்தது. ஆக, அது வலி! மறுமாதம் முதல் அறிகுறி தெரிந்ததுமே, சாப்பாட்டுக்குப் பிறகு மெஃபனாமிக் ஆசிட் என்ற வலி மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினோம், குத்திக்கொள்வது நின்றது. நாப்கினை ஏன் பிய்க்கிறாள்? தொடையில் ஒட்டும் பசை அவளுக்குப் பிடிக்கவில்லை. உறிஞ்சும் உள்ளாடைக்கு மாற்றினோம். கழிவறைச் சுவரில் மூன்று படங்கள்: கறை, மாற்றும் உள்ளாடை, கை கழுவுதல். நான்காம் மாதம் அவளே புது உள்ளாடையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

இதற்கும் அடங்காவிட்டால் ஹார்மோன் மாத்திரை, ஊசி, ஹார்மோன் லூப் என்று வழி இருக்கிறது. எல்லாமே வேண்டாம் என்றால் நிறுத்தக்கூடியவை. எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது. 2006-இல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களைப் போலவே கருவுறும் திறனைத் தக்கவைத்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள் என்கிறது; குழந்தைகளையும் சேர்த்துத்தான்.

26 வயது மகளுக்கு லேசான அறிவுசார் குறைபாடு. வைட்டமின் என்று சொல்லிக் கருத்தடை ஊசி போட்டுவிடலாமா?

கூடாது. ஊசியைப் படத்தில் காட்டி, ‘இது போட்டால் குழந்தை வராது, மாதவிலக்கு தாறுமாறாகலாம்’ என்று சொல்லுங்கள். அவள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். டாக்டர் கொஞ்ச நேரமாவது அவளிடம் தனியாகப் பேச வேண்டும். புரிந்துகொண்டு வேண்டாம் என்றால், வேண்டாம்தான். புரிந்து சரி என்றாலும், பல வருடம் தொடர்ந்தால் ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். அதிகம் நடமாடாதவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

முதுகுத்தண்டில் அடி, மார்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். ஹார்மோன் லூப் வலிக்காது என்கிறார்கள், சரிதானே?

கேள்வியைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நீங்கள் தவிர்ப்பது நல்லது. அசையாத காலில் ரத்தம் உறையும் ஆபத்தை அது கூட்டும். லூப் பொருந்தும், ஆனால் வலிக்காது என்பதே உங்களுக்கு ஆபத்து. அடி ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், பொருத்தும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது அதன் அடையாளம். எனவே மயக்க மருந்து நிபுணர் இருக்கும் இடத்தில், அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே பொருத்தச் சொல்லுங்கள். லூப் நழுவினாலும் உங்களுக்கு வலி தெரியாது. லூப்பின் நூல் இருக்கிறதா என்று பார்க்க ஆறாவது வாரம் போய்வாருங்கள்.