லாஸ் திடீரென nan ஆகிறது: கிளிப்பிங் போடுவது மூடி மறைக்கிற வேலையா?

கேள்வி: சார், மண்டபத்தில் எங்கள் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். பாம்பன் காற்று வேகத்தை மணிவாரியாக எடுத்து, ஒரு வாரத் தரவைக் கொடுத்தால் அடுத்த மணிக்கான வேகத்தைச் சொல்லும் ஆர்.என்.என். ஒன்றை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்கிறேன். மூன்றாவது எபோக் வரை லாஸ் ஒழுங்காக இறங்குகிறது, அப்புறம் திடீரென nan. ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் "உன் ஜி.பி.யு. பத்தாது, 18,000 கட்டு, ரெடி கோடு தருகிறோம்" என்கிறார்கள். நண்பன் கிரேடியன்ட் கிளிப்பிங் போடச் சொல்கிறான். அது தப்பை மூடி மறைக்கிற வேலைதானே?
– மாணவர், மண்டபம்

பதில்: முதலில், பணத்தைக் கட்டாதீர்கள் தம்பி. ஜி.பி.யு.வுக்கும் இந்த nan-க்கும் சம்பந்தமே இல்லை. அது கணக்கை வேகமாகப் போடும்; கெட்டுப்போன கணக்கையும் அதே வேகத்தில் போடும். உங்கள் மாடலுக்கு வீட்டிலிருக்கும் மடிக்கணினியே தாராளம்.

ஒரு வாரம் என்பது 168 மணி. ஆர்.என்.என். ஒரே எடைகளை 168 முறையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. கடைசி மணியில் வந்த பிழையை முதல் மணிவரை பின்னோக்கிக் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு படியிலும் அதே எடைகளால் பெருக்க வேண்டியிருக்கிறது. ஒரு படிக்கு 1.1 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சின்ன எண். 24 படியில் அது சுமார் 10 மடங்காகும். 168 படியில் ஏறத்தாழ 90 லட்சம் மடங்கு. கிரேடியன்ட் வெடிக்கிறது என்பது இதுதான்.

மூன்றாவது எபோக் வரை ஏன் ஒன்றும் ஆகவில்லை? தொடக்கத்தில் எடைகள் சிறியவை. அந்தப் பெருக்கம் 1-க்குக் கீழேயே இருந்திருக்கும். பயிற்சி நடக்க நடக்க எடைகள் வளர்ந்து, ஒரு கட்டத்தில் அந்தப் பெருக்கம் 1-ஐத் தாண்டுகிறது. அப்போதும் எல்லா பேட்ச்சிலும் வெடிக்காது. கச்சான் காற்று வலுத்த நாட்களோ, புயல் சின்னம் வந்துபோன வாரமோ அடங்கிய ஒரு பேட்ச் வரும்போது பிழையும் பெரிதாக இருக்கும், பெருக்கமும் பெரிதாக இருக்கும். அந்த ஒரு பேட்ச் போதும். வழக்கமாக 0.8 அளவில் இருக்கும் கிரேடியன்ட் நீளம் அன்று 4,200 ஆகிறது என்று கொள்வோம். லேர்னிங் ரேட் 0.01 என்றால், சாதாரண எஸ்.ஜி.டி.யில் எடைகள் ஒரே தாவலில் 42 அளவு நகரும். அந்த எடைகளே 0.1, 0.2 அளவில் இருப்பவை. இதுவரை கற்றதெல்லாம் அந்தத் தாவலில் போய்விடும். அடுத்த சில பேட்ச்களில் லாஸ் மேலே மேலே ஏறி, கணினியின் எண் எல்லையைத் தாண்டி nan ஆகும்.

கிளிப்பிங் செய்வது ஒரே வேலை. நீளம் ஒரு வரம்பைத் தாண்டினால், கிரேடியன்ட் முழுவதையும் ஒரே விகிதத்தில் சுருக்கி வரம்புக்குக் கொண்டுவருகிறது. வரம்பு 5 என்றால் 4,200 ஐந்தாகும். தாவல் 42-க்குப் பதில் 0.05. சுக்கானைத் திருப்பாமல் இன்ஜின் வேகத்தை மட்டும் குறைப்பது போல, திசை அப்படியே இருக்கும். லாஸையோ உங்கள் தரவையோ அது தொடுவதில்லை. அதனால் மறைப்பு என்று சொல்ல முடியாது. கிரேடியன்ட் சொல்வது நிற்கிற இடத்துச் சரிவை மட்டும்தான். அந்தச் சரிவு எவ்வளவு தூரம் நீளும் என்று அதற்குத் தெரியாது. செங்குத்தான இடத்தில் அதன் நீளத்தை நம்பித் தாவுவதுதான் தப்பு. இந்த முறையை 2013-ல் பாஸ்கானு, மிக்கோலவ், பெஞ்சியோ மூவரும் ஆர்.என்.என்.களுக்காகவே விளக்கி எழுதினார்கள்.

பைடார்ச்சில் இவ்வளவுதான்:

```
optimizer.zero_grad()
loss = loss_fn(model(x), y)
loss.backward()
norm = torch.nn.utils.clip_grad_norm_(
    model.parameters(), float("inf"))
print(loss.item(), norm.item())
optimizer.step()
```

முதல் ஓட்டத்தில் வரம்பை முடிவிலியாகவே விடுங்கள். அப்போது எதுவும் வெட்டப்படாது. ஆனால் அந்த வரி ஒவ்வொரு பேட்ச்சிலும் கிரேடியன்ட் நீளத்தைத் திருப்பித் தரும். nan வருவதற்கு முன் அந்த எண் எகிறுகிறதா என்று பாருங்கள். எகிறினால் உங்கள் நோய் இதுதான்.

இப்போது அந்த ரெடி கோடு விஷயம். இந்த மாதிரி சென்டர்கள் விற்கிற கோடுகளை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. கிளிப்பிங் வரி அதில் இருக்கும், `optimizer.step()`-க்குக் கீழே. எடைகள் மாறிய பிறகு கிரேடியன்டை வெட்டி என்ன பயன்? சில கோடுகளில் `loss.backward()`-க்கு மேலே இருக்கும்; அங்கே வெட்ட எதுவுமே இல்லை, நீளம் எப்போதும் 0 என்று காட்டும். இரண்டிலுமே பைத்தான் பிழைச்செய்தி தராது, அதனால் யாருக்கும் தெரியாது. இன்னொரு ரகம், `clip_grad_value_` போட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக வெட்டும். வரம்பு 1 என்றால் 6-ம் 0.3-ம் இருந்த இடத்தில் 1-ம் 0.3-ம் ஆகிவிடும், இருபதுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் மூன்றுக்கு ஒன்று என்றாகி, திசையே மாறுகிறது. கெராஸில் எழுதிக் கொடுத்தால் `clipnorm` இருக்கிறதா, `global_clipnorm` இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது ஒவ்வொரு எடை அணியையும் தனியாகச் சுருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். nan உங்கள் தரவிலேயே இருந்தால் கிளிப்பிங் காப்பாற்றாது. நீளமே nan ஆகிவிட்டால், அதை வைத்துப் போடுகிற சுருக்க விகிதமும் nan, அதனால் பெருக்கிய எல்லாமும் nan. கிரேடியன்டில் ஓர் எண் முடிவிலியாகிவிட்டாலும் தப்பாது: சுருக்க விகிதம் 0 ஆகும், முடிவிலியை 0-ஆல் பெருக்கினால் nan. காலியான ஒரு கட்டம் போதும். காற்றுமானி சிக்கிக்கொண்டு ஒரு வாரம் முழுக்க ஒரே எண்ணைக் காட்டியிருந்து, அந்த வாரத்தின் சராசரியைக் கழித்து அதன் திட்ட விலக்கத்தால் வகுத்திருந்தால், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்ததாகிவிடும். ஆனால் இவையெல்லாம் முதல் எபோக்கிலேயே வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் ஒரு எபோக்கில் எல்லா வரிகளும் ஒருமுறை உள்ளே போய்விடுகின்றன. உங்களுடையது மூன்றாவது வரை ஓடியது. அதனால் காலிக் கட்டம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கவலை -999, 9999 போன்ற எண்களைப் பற்றித்தான். அளவு பதிவாகாத மணிக்கு இப்படி நிரப்புவது பல இடங்களில் வழக்கம். `df.describe()` கொடுத்து சிறுமத்தையும் பெருமத்தையும் பாருங்கள். காற்று வேகம் மைனஸில் இருக்காது. அப்படி ஒன்று இருந்தால் nan உடனே வராது, ஆனால் அந்த வாரம் வரும்போதெல்லாம் கிரேடியன்ட் எகிறும். அங்கே கிளிப்பிங் போட்டால் நீங்கள் பயந்த மூடி மறைப்பு உண்மையிலேயே நடக்கும். முதலில் அந்த வரிகளை நீக்குங்கள்.

-999 என்றால் அளவு பதிவாகவில்லை என்பதைத் தரவு கொடுப்பவர்களே ஒரு வரியில் எழுதித் தரலாம். தர மாட்டார்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம், துறைத்தலைவர் கையெழுத்து, அலைச்சல் எல்லாம் முடிந்து கோப்பு வந்தால் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற குறிப்பு இருக்காது. அந்தப் பக்கம் ரிவ்யூவில் "அக்யூரசி எத்தனை சதவீதம்?" என்பார்கள். காற்று வேகக் கணிப்பில் அக்யூரசி சதவீதம் ஏது? சராசரிப் பிழை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்வியால்தான் பிள்ளைகள் சென்டருக்கு ஓடுகிறார்கள்.

வரம்பை எப்படி வைப்பது? வெடிப்பதற்கு முந்தைய சில நூறு பேட்ச்களின் நீளங்களுக்குச் சராசரி எடுங்கள். பாஸ்கானு உள்ளிட்ட அந்த மூவரும் தங்கள் சோதனைகளில், சராசரியில் பாதி முதல் பத்து மடங்கு வரை எங்கே வைத்தாலும் பயிற்சி தேறியதாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் சராசரி 0.8 என்றால் `float("inf")` இருந்த இடத்தில் 1 போட்டுத் தொடங்கலாம், 5-ம் சரிதான். பிறகு எத்தனை பேட்ச்கள் வெட்டப்படுகின்றன என்று எண்ணுங்கள். எப்போதாவது ஒன்று என்றால் நல்லது. பாதிக்கு மேல் வெட்டுப்பட்டால் வரம்பு மிகக் கீழே இருக்கிறது; முதலில் அதை ஏற்றிப் பாருங்கள். ஏற்றியதும் லாஸ் மறுபடி துள்ளினால் லேர்னிங் ரேட்டை 0.01-லிருந்து 0.003-க்கு இறக்குங்கள்.