ஒரு விதிக்கு ஒரு முடிவுச் சொல்

கேள்வி: எங்கள் கம்பெனியின் பணியாளர் கையேட்டில் உள்ள நடத்தை விதிகளைத் தமிழாக்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயம் செய்ய வேண்டியவையும் செய்யவே கூடாதவையும் ஒன்றோடொன்று குழம்பாமல் எப்படி எழுதுவது?

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் இருந்துகொண்டு சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கத்திலிருந்து வரும் தொழிலாளர்களுக்காக, இங்குள்ள சில ஆலைகள் மலையாளத்தோடு தமிழிலும் கையேடு கேட்கின்றன. என் அனுபவத்தில் குழப்பம் கலைச்சொற்களால் வருவதைவிட வாக்கியத்தின் கடைசிச் சொல்லால் வருவதே அதிகம்.

நான் திருத்தித் தந்த ஒரு விதியைச் சொல்கிறேன். அடையாள அட்டையை வளாகத்தில் அணிவது கட்டாயம், பிறருக்குக் கொடுப்பது தடை, விடுப்பில் செல்லும்போது ஒப்படைப்பது அவசியமில்லை என்ற மூன்றும் ஆங்கிலத்தில் ‘ஷல்’, ‘ஷல் நாட்’, ‘நீட் நாட்’ என்று ஒரே வாக்கியத்தில் தெளிவாகவே இருந்தன. எனக்கு முன்பு மொழிபெயர்த்தவர் அதை இப்படி எழுதியிருந்தார்: “பணியாளர்கள் வளாகத்தில் அடையாள அட்டையை அணிந்து, பிறருக்குக் கொடுக்கவோ விடுப்பின்போது ஒப்படைக்கவோ வேண்டாம்.”

ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அதனதன் துணைவினை நிற்கிறது. தமிழில் வாக்கியத்தை முடிக்கும் சொல் ஒன்றுதான். ‘அணிந்து’ என்ற வினையெச்சத்துக்குத் தனியாகக் கட்டளை வலிமை கிடையாது, முடிவில் வருவதையே அது சார்ந்திருக்கிறது. ஆகவே அட்டை அணிய வேண்டும் என்ற கடமை இந்த வாக்கியத்தில் காணாமலே போய்விட்டது. அடுத்த சிக்கல் ‘வேண்டாம்’. அது தடையாகவும் ஒலிக்கும், தேவையில்லை என்ற விலக்காகவும் ஒலிக்கும், கனிவான வேண்டுகோளாகவும் ஒலிக்கும். விடுப்பில் போன ஒருவர் தாமாகவே அட்டையைத் தந்தபோது, “கொடுக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறது, நான் வாங்கினால் எனக்குத்தான் வம்பு” என்று வாயிற்காவலர் மறுத்துவிட்டார். அவர் படித்ததில் தவறு சொல்ல முடியாது.

மூன்று வாக்கியங்களாகப் பிரித்து, மூன்று முடிவுகளைக் கொடுத்தேன்: “வளாகத்தில் இருக்கும் நேரம் முழுவதும் பணியாளர் அடையாள அட்டையை அணிந்திருக்க வேண்டும். அட்டையைப் பிறர் எவருக்கும் கொடுக்கக் கூடாது. அனுமதி பெற்ற விடுப்பில் செல்லும்போது அட்டையை ஒப்படைக்கத் தேவையில்லை.” கையேடு முழுவதிலும் கடமைக்கு ‘வேண்டும்’, தடைக்கு ‘கூடாது’, விலக்குக்குத் ‘தேவையில்லை’, அனுமதிக்கு ‘-லாம்’ என்று வைத்துக்கொண்டேன், ‘வேண்டாம்’ என்பதை எங்கும் பயன்படுத்தவில்லை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதையும் நீக்கினேன், ஏனென்றால் அது கடமையை விண்ணப்பமாக இறக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஷுட்’ என்று அறிவுரையாக மட்டும் வரும் இடங்களுக்குச் ‘செய்வது நல்லது’ என்பதே போதும். அங்கேயும் ‘வேண்டும்’ போட்டால் கட்டாயத்துக்கும் அறிவுரைக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். ‘மே நாட்’ வரும்போது கூடுதல் கவனம் தேவை: பரிசுகளை ஏற்கக் கூடாது என்ற தடையை “ஏற்காமல் இருக்கலாம்” என்று எழுதிய பிரதியையும் பார்த்திருக்கிறேன்.

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு வழுக்கலும் உண்டு. மலையாளத்தில் ‘பாடில்ல’ என்றால் தடை. அதே பழக்கத்தில் இங்கே சிலர் “புகைக்கப் பாடில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் அந்தச் சொல் “மழை நின்றபாடில்லை” என்பதுபோல நடக்காமலே இருப்பதைத்தான் குறிக்கும்.

தவறான நடத்தைகளின் பட்டியலுக்கு வேறு முறை தேவை. அதில் செய்யக் கூடாததைச் செய்த குற்றங்களோடு, செய்ய வேண்டியதைச் செய்யத் தவறிய குற்றங்களும் கலந்தே இருக்கும். விபத்தைத் தெரிவிக்காதது குற்றம் என்பதை “விபத்தைத் தெரிவிக்காமல் இருக்கக் கூடாது” என்று எழுதினால் படிப்பவர் இரண்டு எதிர்மறைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது; அவசரத்தில் ஒன்றைத் தவறவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். பட்டியலின் தலைப்பிலேயே “பின்வருவன தவறான நடத்தையாகக் கருதப்படும்” என்று சொல்லிவிட்டு, கீழே “திருடுதல்”, “விபத்தைத் தெரிவிக்கத் தவறுதல்” என்று தொழிற்பெயர்களாக மட்டும் அடுக்குகிறேன். விபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை, கடமைகள் பகுதியில் தனி வாக்கியமாக நிற்கும்.

முடித்த பிரதியை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒரு தொழிலாளியிடம் கொடுத்து, ஒவ்வொரு விதிக்கும் ஒரே கேள்வி கேட்கிறேன்: “இதைச் செய்தால் நடவடிக்கை வருமா, செய்யாவிட்டால் வருமா, இரண்டுக்கும் வராதா?” அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு பிறகு மூலத்தோடு ஒப்பிடுகிறேன். அடையாள அட்டை விதியின் பழைய வடிவத்தை இப்படிக் காட்டியபோது, ஒப்படைப்பதைப் பற்றி மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள். படித்துப் பார்ப்பவர் தயங்கும் இடத்தில் விளக்கம் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதி வேறொருவரிடம் காட்டுங்கள், முதலாமவருக்கு விடை தெரிந்துபோயிருக்கும்.