சர்க்கரை என்றால் என்ன நிறம்?

கேள்வி: பார்வையற்றோர் கேட்கும் ஒலி இதழுக்காகப் படங்களை விவரித்துப் பேசுகிறேன். சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோ என்று எல்லா ஊர்களிலும் கேட்கிறார்கள். ஒரு தேயிலைத் தோட்டப் படத்துக்கு, “தோட்டத்து வீட்டு வாசலில் பாட்டி கரண்டியால் டீயில் சர்க்கரை போடுகிறார், பின்னால் பீரோ” என்றேன். ஆளுக்கொரு படமாகப் புரிந்துகொண்டார்கள். எந்த ஊர்த் தமிழில் பேசுவது?

பதில்: முதலில் ‘பீரோ’வை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அது அலுமாரி. ஆனாலும் இது பெரிய சிக்கல் இல்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் கேட்பவர் நின்று யோசிப்பார், அல்லது உங்களிடமே கேட்பார். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொல்தான் ஆபத்து. தப்பான படம் மனதில் பதிந்தது கேட்பவருக்கே தெரியாது.

உங்கள் வாக்கியத்தில் அப்படி மூன்று சொற்கள் இருக்கின்றன. சென்னையில் சர்க்கரை என்றால் வெள்ளை மணிகள். இலங்கையில் அந்த வெள்ளை மணிகளுக்குப் பெயர் சீனி, சர்க்கரை என்றால் பழுப்பு நிற வெல்லம் நினைவுக்கு வரும். தோட்டம் என்றதும் சென்னைக்காரர் பூச்செடிகளையும், யாழ்ப்பாணத்தார் மிளகாய், வெங்காயம் போட்ட நிலத்தையும், மலேசியர் ரப்பர் அல்லது செம்பனை எஸ்டேட்டையும் நினைக்கலாம். இலங்கையின் தேயிலை மலைப்பகுதியான மலையகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே உங்கள் படத்தை அப்படியே பிடித்திருப்பார்கள். கரண்டி இலங்கையில் தேநீர் கலக்கும் சின்னது. மதுரையில் அது குழம்பு ஊற்றுவது!

இதற்காக “சர்க்கரை அல்லது சீனி” என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் அடுக்க வேண்டாம். காதால் கேட்பவருக்கு அது இரண்டு பொருளாகவே படும். பெயரோடு நிறம், அளவு, பயன் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் போதும். ‘பாட்டி’யையும் விட்டுவிடலாம். படத்தில் தெரிவது வயதுதான், உறவு இல்லை.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தேயிலைச் செடிகள் நிறைந்த மலைச்சரிவு. அதன் முன்னே ஒரு சின்ன வீடு. வாசலில் வயதான பெண் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னத் தேக்கரண்டியால் தேநீரில் வெள்ளைச் சீனி போடுகிறார். திறந்த கதவு வழியே, துணி வைக்கும் உயரமான மர அலமாரி தெரிகிறது.” தமிழ்நாட்டில் அலமாரி சுவரில் பதித்த தட்டாகவும் இருக்கும், ‘துணி வைக்கும் உயரமான’ என்பது அதைச் சரிசெய்துவிடும். யாழ்ப்பாணத்தார் கதிரை என்பார்கள், ஆனால் நாற்காலி அவர்களுக்கும் புரியும் சொல்.

டொராண்டோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு கவனம் வேண்டும். வீட்டுப் பேச்சில் வராத எழுத்துத் தமிழில்தான் அவர்கள் தடுக்குவார்கள். ‘அமர்ந்தவாறு’ வேண்டாம், ‘உட்கார்ந்து’ போதும். ஒரு வாக்கியத்தில் ஒரு செயலுக்கு மேல் வைக்காதீர்கள். மேலே உள்ள மூன்றாவது வாக்கியத்தைக்கூட அவர்களுக்கு இரண்டாக உடைக்கலாம்.

ஒலிப்பதிவுக்கு முன் ஊருக்கு ஒருவராக நான்கு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். “புரிந்ததா?” என்றால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “தேநீரில் விழுவது என்ன நிறம்? கரண்டி எவ்வளவு பெரியது? வீட்டைச் சுற்றி என்ன வளர்ந்திருக்கிறது?” என்று கேளுங்கள். நான்கு பேரின் பதிலும் எங்கே பிரிகிறதோ, அந்தச் சொல்லை மட்டும் மாற்றுங்கள்.