ஐந்து மாதத்தில் மூன்று ஸ்கேன்

"7, 12, 20 வாரங்களில் மூன்று ஸ்கேன் எடுத்தாயிற்று. கதிர் குழந்தையைத் தாக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். கோபியில் இருக்கிறேன்."

அது கதிர் இல்லைங்க, ஒலி. எக்ஸ்ரேயோடு சேர்க்காதீங்க. வயிற்றில் வைக்கும் கருவி, காதுக்குக் கேட்காத ஒலியைச் சிறு துடிப்பாக அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்புமே, அப்படி. திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது. எலும்பு பலமாகத் திருப்புவதால் வெள்ளை. பனிக்குட நீர் திருப்பாததால் கறுப்பு.

உங்கள் மூன்றும் நாள் கணக்கு, குழந்தையின் கழுத்துப் பின்புற நீர், உறுப்புகள் பார்க்க எடுத்தவை, அதிகமில்லை. அப்புறம் 32ஆம் வாரவாக்கில் வளர்ச்சிக்கு ஒன்று வரும். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு இருந்தால் எண்ணிக்கை கூடும். ஒலி திசுவைச் சற்றே சூடாக்கும் என்பதால்தான் முதல் மூன்று மாதத்தில் காரணமில்லாமல், இரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் வைப்பதில்லை. முகம் பார்க்கும் ஆசைக்காக நீட்டி எடுப்பதும் வேண்டாமுங்க.