ஏஐ படம் கொண்டுவந்தால் லேபல் விலை குறையுமா?

"ஏஐயில் தேயிலைப் பக்கற்றுக்குப் படம் எடுத்துவிட்டேன். ஹட்டனில் டிசைனர் இன்னும் முழுக்காசு கேட்கிறார். ஏன்?"

அச்சுக்குத் தயாரான கோப்பு என்பது அச்சகம் திருத்தமின்றி அப்படியே அடிக்கக்கூடிய கோப்பு. உங்களிடம் இருப்பது திரைக்கான படம். பறித்த கொழுந்துக்கும் பக்கற்றில் போகும் தூளுக்கும் உள்ள தூரம்தான் இரண்டுக்கும் இடையில்.

ஏஐ படம் பல வேளைகளில் 1024 பிக்சல் அகலத்தில் வரும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அந்தக் கணக்கில் படம் 8.7 சென்டிமீட்டர் வரைதான் தாங்கும். லேபல் 15 சென்டிமீட்டர் என்றால் அங்குலத்துக்கு 173 பிக்சல்தான் மிஞ்சும், கோடுகள் மங்கும். திரையில் பளிச்சிடும் பச்சையும் நான்கு மை அச்சில் மந்தமாகிவிடும். படத்தோடு வரும் தமிழ், சிங்கள எழுத்துகளில் கொம்பும் புள்ளியும் இடம் மாறிக் கிடக்கலாம். அதைப் பலர் அச்சடித்த பிறகுதான் கவனிக்கிறார்கள்! ஆகவே டிசைனர் சின்னத்தைக் கோடுகளாக மீண்டும் வரைந்து, எழுத்தை எழுத்துருவில் புதிதாக அடித்து, வெட்டுக்காக ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுகிறார்.

இதனால் விலை சொல்லும் முறையும் மாறுகிறது. முன்பு "ஒரு லேபல் இவ்வளவு" என்றார்கள். இப்போது மறுவரைதல், மும்மொழி எழுத்து, அச்சுக்கோப்பு என்று பிரித்துக் கேட்பதே நியாயம். இலவசத் திருத்தம் எத்தனை தடவை என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏஐயில் நிமிடத்துக்கொரு மாதிரி பார்த்துப் பழகியவர்கள் திருத்தத்தையும் அப்படியே கேட்கிறார்கள். வெறும் எண்ணத்துக்கான மாதிரிப் படத்துக்கு மட்டும் விலை குறையலாம்.

மென்பொருளில் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்பது தவறு. பிக்சல் கூடும், பிழையான எழுத்து பெரிய பிழையாகவே நிற்கும்.