வெயில் கொளுத்தும் திருகோணமலையில் பிள்ளையின் கால் ஏன் வளைகிறது? குழந்தை வைத்தியரிடம் கேட்டவை

உப்புவெளித் தாய்: மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. பிடித்தால்தான் நடக்கிறான், காலும் வளைந்திருக்கு. இரத்தத்தில் கல்சியம் 2.25, சரியாக இருக்கு என்றார்கள். அப்போ எலும்பில் பிரச்சினை இல்லைதானே டொக்டர்?

பதில்: இரண்டு வயது வரை லேசான வளைவு பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருக்கும் தங்கச்சி. ஆனால் நடையும் பிந்தினால் விட்டுவிடக் கூடாது. கல்சியம் சரி என்பதை மட்டும் நம்ப வேண்டாம். இரத்தத்தில் கல்சியம் இறங்கத் தொடங்கியதும் கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பிகள் எலும்பிலிருந்து அதை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும். அதனால் எண் சரியாகவே தெரியும். அதே ஹோர்மோன் பொஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். எலும்பின் வளரும் முனை இறுக இரண்டும் வேண்டும். பொஸ்பேட் குறைந்தால் அந்த முனை மென்மையாகவே நின்று, உடல் பாரத்தில் கால் வளையும். மணிக்கட்டு தடித்திருக்கிறதா என்று பாருங்கள். பொஸ்பேட், எலும்பு நொதியான அல்கலைன் பொஸ்பட்டேஸ், விட்டமின் டி, மணிக்கட்டு எக்ஸ்ரே, இந்த நான்கையும் கேட்டு எடுங்கள். அவன் என்ன சாப்பிடுகிறான் என்றும் எழுதுங்கள்.

அதே தாய், பிறகு: பொஸ்பேட் 0.8, அல்கலைன் பொஸ்பட்டேஸ் 1150, விட்டமின் டி 7. எலும்பு முனை கிண்ணம் போலக் குழிந்திருக்காம். இன்னும் தாய்ப்பால்தான், கொஞ்சம் சோறு, பிளேன்டீயில் பிஸ்கட். முள்ளுக்குப் பயந்து மீன் கொடுப்பதில்லை. மாடி வீடு, வெளியே விடுவதில்லை.

பதில்: பொஸ்பேட்டும் விட்டமின் டியும் குறைவு, அல்கலைன் பொஸ்பட்டேஸ் அதிகம். இது ரிக்கெட்ஸ்தான், வளரும் எலும்பு இறுகாமல் மென்மையாகவே நிற்கும் நோய். தாய்ப்பாலில் விட்டமின் டி மிகக் குறைவு. அது உங்கள் குறையில்லை, எந்தத் தாய்க்கும் அப்படித்தான். வெயிலும் படவில்லை, உணவில் கல்சியமும் இல்லை. இந்த வயதில் வழக்கமான சிகிச்சை தினம் 3000 யூனிட் விட்டமின் டி, குறைந்தது மூன்று மாதம். கூடவே உணவும் மருந்துமாகத் தினம் 500 மில்லிகிராம் கல்சியம் சேர வேண்டும். கல்சியத்தை விட்டுவிட்டு டி மட்டும் கொடுத்தால், ஆறத் தொடங்கிய எலும்பு இரத்தத்திலிருந்து கல்சியத்தை வேகமாக உறிஞ்சும், சில பிள்ளைகளுக்கு வலிப்புக்கூட வரும். ஆகவே உங்கள் வைத்தியரின் கண்காணிப்பிலேயே தொடங்குங்கள்.

மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் எலும்பு முனையில் புதிதாக வெள்ளைக் கோடு விழுந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். கால் நிமிர இன்னும் காலம் எடுக்கும். பொஸ்பேட் ஏறாமலே நின்றால், பரம்பரையாகப் பொஸ்பேட்டை இழக்கும் வேறு வகை ரிக்கெட்ஸா என்று தேட வேண்டும்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: காலை ஆறரை இளவெயிலில் பிள்ளையைக் காட்டினால் போதுமே. மருந்து எதற்கு?

பதில்: தோல் வெயிலில் விட்டமின் டி செய்வது உண்மை. ஆனால் அதற்கு வேண்டிய கதிர், சூரியன் தாழ்வாக நிற்கும்போது காற்று மண்டலத்தைத் தாண்டிப் பெரிதாக வந்து சேராது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாகும் நேரத்தில்தான் அது தாராளமாகக் கிடைக்கும். ஆறரை மணிக்கு நிழல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் எந்த நேரமும் பயனில்லை. கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எத்தனை நிமிடம் என்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண்ணை என்னால் தர முடியாது. எப்படியும், கால் வளைந்துவிட்ட பிள்ளைக்கு வெயிலை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் கிடத்தவும் வேண்டாம். அதற்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு மீனவர்: எங்கட பிள்ளைகள் நாள் முழுக்கக் கடற்கரையில். எங்களுக்கு இது வராதுதானே?

பதில்: நிறைய வெயில் இருக்கும் நைஜீரியாவிலும் பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது தம்பி. அங்கே பெரிதும் குறைவது கல்சியம். கல்சியம் குறைந்தால் உடல் தன்னிடமுள்ள விட்டமின் டியையும் வேகமாகச் செலவழித்துவிடும். ஆகவே பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் கையிலேயே நெத்தலி இருக்கிறது, முள்ளோடு மென்று தின்றால் நல்ல கல்சியம். சின்னப் பிள்ளைக்கு இடித்துச் சோற்றில் பிசையலாம், கருவாடானால் முதலில் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். குரக்கனிலும் நிறைய இருக்கிறது, ஆனால் அதிலுள்ள பைட்டேட் கல்சியத்தைப் பிடித்துவைக்கும். முளைகட்டி அரைத்தால் அது குறையும்.

மூதூரிலிருந்து ஒரு அம்மா, வயது 52: எனக்கும் அந்தப் பிள்ளையின் வருத்தம்தான் போல. வாதம் என்றார்கள். நிலத்திலிருந்து எழும்ப ஏலாது, படியேற ஏலாது. இரண்டு வருசமாகக் கல்சியம் குளிசை குடிக்கிறன். அந்த 3000ஐ நானும் குடிக்கட்டா?

பதில்: பிள்ளைக்குச் சொன்ன அளவை எடுக்காதீர்கள் அம்மா. வளர்ந்தவருக்குக் கால் வளையாது, எலும்பு மென்மையாகித் தொடையும் இடுப்பும் பலமிழக்கும், நீங்கள் சொல்வது அதற்கு ஒத்துவருகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அமர்த்திப் பாருங்கள், நோகிறதா? விட்டமின் டி இல்லாவிட்டால் குடிக்கும் கல்சியத்தில் பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடினாலும் அவ்வளவுதான் குடலில் ஏறும், அதனால்தான் குளிசை உதவவில்லையோ என்று நினைக்கிறேன். ஆனால் சிறுநீரக நோயிலும், ஃபெனிட்டோயின் போன்ற வலிப்பு மருந்திலும் இப்படி ஆகும். மேலே சொன்ன இரத்தப் பரிசோதனைகளோடு சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் பெரிய அளவுக் குளிசையை நீங்களே வாங்கிக் குடித்தால் இரத்தத்தில் கல்சியம் எக்கச்சக்கமாக ஏறலாம். தாகம், வாந்தி, மலச்சிக்கல் அதன் அடையாளம். வலிப்புக்கு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?

அதே அம்மா: ஓம், பதினைந்து வருசமாக.

பதில்: அப்படியென்றால் அந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அதன் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள்.